நாலு பேரும் கச்சா லிம்புவும்: குழந்தை விளையாட்டில் ‘பொதுமைப்பட்ட மற்றவர்’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் மாதுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோரும், பால்வாடி டீச்சர்களும், சமூகவியல் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். ஆரம்பத்தில் வருபவை எளிது, போகப் போகக் கொஞ்சம் முடிச்சு விழும்.

“பொதுமைப்பட்ட மற்றவர்னா யாருங்க அது? ஒரு ஆளா?”

ஆள் இல்லை. ஒரு கூட்டத்தில் எந்த இடத்தில் இருப்பவர் என்ன செய்வார், அடுத்தவரிடம் என்ன எதிர்பார்ப்பார் என்பதெல்லாம் சேர்ந்து ஒருவர் மனசுக்குள் ஒரே பார்வையாகப் படிந்துவிடுகிறது. அந்தப் பார்வைக்கு வைத்த பெயர் இது. மூன்று வயதுக் குழந்தை சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுத்துக்கொண்டு “அம்மா திட்டும்” என்கிறது. அங்கே உள்ளே இருந்து பேசுபவர் அம்மா, பெயரும் முகமும் உள்ள ஒருவர். அதே குழந்தை எட்டு வயதில் தண்ணீர்க் குழாயடியில் நின்று “நடுவுல புகுந்தா ஒத்துக்க முடியாது” என்கிறது. இதை யார் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பெயர் சொல்ல முடியாத அந்த ஒருவர்தான் பொதுமைப்பட்ட மற்றவர்.

இந்தச் சொல்லைத் தந்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் (1863–1931). 1894 முதல் சாகும்வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். ‘தான்’ என்ற உணர்வு, அதாவது தன்னிலை, பிறவியிலேயே வருவதில்லை என்பது அவர் வாதத்தின் அடி. என்னை நானே பார்க்க வேண்டுமானால் எனக்கு வெளியே நின்று பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் குழந்தைக்கு மற்றவர்கள்தான் தருகிறார்கள். அதைத் தரும் முக்கியமான வழிகளில் ஒன்று விளையாட்டு.

“நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பயப்படறோமே, அதானே இது?”

பக்கத்தில் வந்துவிட்டீர்கள். அந்த ‘நாலு பேர்’ யார் யார் என்று கேட்டால் யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. அந்த அளவில் தமிழில் இதைவிட நெருக்கமான சொல் கிடையாது.

ஆனால் நாம் ‘நாலு பேர்’ என்று சொல்வது பெரும்பாலும் பழிக்கு அஞ்சி. மீட் சொல்வது அதைவிட அகலமானது. உங்களைக் கண்டிப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கேரம் ஆடும்போது எதிரில் இருப்பவர் எந்தக் காயை அடிப்பார் என்று கணிப்பதற்கும் அதே உள்பார்வைதான் உதவுகிறது. “நாலு பேர் போற வழியில போ” என்கிறோமே, அதில் அச்சம் குறைவு, வழி தெரிந்திருப்பது அதிகம். மீட்டுக்குக் கிட்டே இருப்பது அந்த நாலு பேர்.

“யூபிஎஸ்சி நோட்ஸ்ல மூணு நிலைன்னு இருக்கு, இன்னொரு நோட்ஸ்ல ரெண்டுன்னு இருக்கு. எதை எழுதறது?”

மீட் விரிவாகப் பேசியவை இரண்டு: பாவனை விளையாட்டும் விதி ஆட்டமும். அதற்கு முந்தைய, பார்த்ததை அர்த்தம் தெரியாமல் அப்படியே செய்யும் வயதைத் தனி நிலையாகப் பிரித்து ‘ஆயத்த நிலை’ என்று பெயர் வைத்தது பின்னால் வந்த விளக்க நூல்கள். தாத்தா பேப்பர் படிப்பதைப் பார்த்து ஒன்றரை வயதுக் குழந்தை பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பது இந்த வகை. பரீட்சையில் மூன்றையும் எழுதி, முதலாவது பிற்சேர்க்கை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

‘2 வயது வரை, 2 முதல் 6, 7க்கு மேல்’ என்று நோட்ஸில் வரும் எல்லைகளையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட் வயதுப் பட்டியல் எதுவும் போடவில்லை. அவருடைய புகழ்பெற்ற ‘மைண்ட், செல்ஃப் அண்ட் சொசைட்டி’ நூலே அவர் கையால் எழுதியது அல்ல. வகுப்பில் எடுத்த குறிப்புகளைத் தொகுத்து சார்லஸ் மாரிஸ் 1934இல், மீட் இறந்த பிறகு, வெளியிட்டார். ஒரே கருத்து அங்கங்கே வேறு வேறு விதமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

“என் பொண்ணு நாலு வயசு. தனியா உக்காந்து ரெண்டு குரல்ல பேசிக்கிறா. ஏதாவது பிரச்சனையா?”

பாவனை விளையாட்டின் இலக்கணமே அதுதான். சால் குடியிருப்பின் நடைபாதையில் ஒரு குழந்தை கடை போடுவதைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நாலு பாட்டில் மூடி, ஒரு கிண்ணம் மணல். “என்ன வேணும்?” என்று கடைக்காரக் குரலில் கேட்கும். உடனே எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, “அரைக்கிலோ சக்கரை” என்று வாங்குபவர் குரலில் சொல்லும். திரும்ப இந்தப் பக்கம் வந்து மணலை அளந்து போடும். தானே விற்று, தானே வாங்கி, சில்லறை பத்தவில்லை என்று தன்னிடமே சண்டையும் போடும். மீட்டும் ஏறக்குறைய இதே உதாரணத்தைத் தருகிறார்: குழந்தை தனக்கே ஒன்றை விற்கிறது, தானே வாங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த நகர்தல். வாங்குபவராக உட்கார்ந்திருக்கும்போது, சற்று முன் கடைக்காரராக இருந்த தன்னை அது எதிரிலிருந்து பார்க்கிறது. டீச்சர் விளையாட்டிலும் இதே கதைதான். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, “ஹாதாசி கடி, தோண்டாவர் போட்” என்று மராத்தியில் அதட்டும். கையைக் கட்டு, வாயில் விரல் வை என்று காலையில் அதற்குச் சொல்லப்பட்டதை மத்தியானம் பொம்மைக்குச் சொல்கிறது. அடங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளை டீச்சர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் அதற்கு உறைக்கிறது.

எனவே இரண்டு குரல் பற்றிக் கவலை வேண்டாம். குழந்தைக்குப் பேச்சு வருவதே தாமதமாகி, கூப்பிட்டால் திரும்பாமல், பாவனை விளையாட்டும் இல்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம், மீட்டின் எல்லைக்குள் வராது.

“டீச்சர் விளையாட்டும் விளையாட்டுதான், லகோரியும் விளையாட்டுதான். அப்படி என்ன பெரிய வித்தியாசம்?”

டீச்சர் விளையாட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேஷம். டீச்சர் ஆகலாம், அலுத்தால் போலீஸ் ஆகலாம், அதையும் விட்டு எழுந்து போகலாம். இந்த வேஷங்களை ஒன்றோடொன்று கட்டிப்போடும் கயிறு எதுவும் இல்லை. லகோரியில் அத்தனை பேர் இடமும் ஒரே சமயத்தில் தலைக்குள் இருந்தாக வேண்டும். ஊரில் ஏழு கல் என்று ஆடியதுதான் இது: ஏழு தட்டைக் கற்களை அடுக்கி, ஓர் அணி பந்தால் சரிக்கும். பிறகு அதே அணி கற்களைத் திரும்ப அடுக்க வேண்டும், அதற்குள் மற்ற அணி பந்தால் அடித்து அவர்களை அவுட் ஆக்கப் பார்க்கும். முழுசாக அடுக்கிவிட்டால் “லகோரி!”

தாராவிச் சந்து ஒன்றில் அணிக்கு நான்கு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கல் அடுக்கியாயிற்று. மீதி இரண்டு கல் ஓர் எட்டு வயதுக்காரியின் கையில். பந்து இடதுபக்கச் சுவரோரம் நிற்கும் பையனிடம். இன்னொருவன் அடுக்குக்குப் பின்னால் பந்தை வாங்கத் தயாராக நிற்கிறான். அவள் அணிக்காரன் ஒருவன் வலதுபக்கம் கையை ஆட்டிக் குதித்துக்கொண்டிருக்கிறான். அவள் அடுக்கை நோக்கி ஓடவில்லை, நிற்கிறாள். ஏன்? பந்து வைத்திருப்பவனுக்குக் குதிப்பவன்தான் சுலபமான குறி என்று அவளுக்குத் தெரியும். அவன் அதற்காகத்தான் குதிக்கிறான் என்பதும் தெரியும். குறி தப்பினால் பந்து சாக்கடைப் பக்கம் உருளும், எடுத்து வர நாலைந்து வினாடி ஆகும். அந்த நேரம் இரண்டு கல்லுக்குப் போதும். அடுக்குக்குப் பின்னால் நிற்பவனும் இதே கணக்கைப் போடுவான் என்பதால் அவனையும் ஒரு கண் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் இதில் எவனையும் ஆளாக நினைக்கவில்லை. சுவரோரம் நிற்பது யாராக இருந்தாலும், பந்து கையில் இருந்தால் இதைத்தான் செய்வார். அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்தில் அவளே நிற்பாள், அவளும் அதைத்தான் செய்வாள். ‘அவன் என்ன செய்வான்’ என்பது ‘எவனா இருந்தாலும் என்ன செய்வான்’ என்று மாறும் இடத்தில்தான் மற்றவர் பொதுமைப்படுகிறார். மீட் இதற்கு எடுத்துக்கொண்டது பேஸ்பால், ஒன்பது பேர் ஆடுவது. அவர் கண்ணில் பட்டது அது. நம் பிள்ளைகளுக்கு லகோரி போதும்.

“என் பையனைக் கச்சா லிம்புன்னு சொல்லி ஓரமா வச்சிருக்காங்க. அவமானமா இருக்கு. தலையிடலாமா?”

தலையிட வேண்டாம். கச்சா லிம்பு, அதாவது பிஞ்சு எலுமிச்சை, நம்மூர் ‘ஒப்புக்குச் சப்பாணி’யின் மும்பைப் பெயர். ஐந்து வயதுக்காரன் ஆட்டத்தில் இருப்பான், ஓடுவான், கல்லைத் தொடுவான், ஆனால் அவன் மேல் பந்து பட்டால் அவுட் கிடையாது. அவன் செய்வது கணக்கில் வராது. பெரிய பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராமல் தெரிந்த ஓர் ஏற்பாடு இது. பாவனை நிலையில் இருக்கும் குழந்தையை விதி ஆட்டத்துக்குள் நிறுத்திவைத்து, அடி படாமல் பழக விடுகிறார்கள். மீட் சிகாகோவில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

அந்த வயதுப் பிள்ளையை முழு ஆட்டக்காரனாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம். கற்களை வீடு மாதிரி அடுக்குவான். கைக்குப் பந்து வந்தால் தரமாட்டான், ஓடிவிடுவான். அவுட் என்றால் தன்னை அடித்துவிட்டதாக அழுவான். அவனைப் பொறுத்தவரை அவன் லகோரி விளையாடவில்லை. ‘லகோரி விளையாடும் அண்ணன்’ மாதிரி விளையாடிக்கொண்டிருக்கிறான். அதுவும் பாவனைதான். நீங்கள் போய்ச் சண்டை பிடித்து அவனை ‘முழுசா’ சேர்த்துவிட்டால், பத்து நிமிடத்தில் அழுதுகொண்டு வருவான், மறுநாள் அவனைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

“அப்போ அவன் எப்போ ரெடின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

மூன்று அடையாளங்களைப் பாருங்கள். ஒன்று, பந்து தன்னிடம் இல்லாதபோதும் தன் இடத்தை விட்டு ஓடாமல் நிற்கிறானா? சின்னக் குழந்தை பந்து போகும் பக்கமெல்லாம் ஓடும், அதற்குப் பந்துதான் ஆட்டம். இரண்டு, தகராறில் அவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுங்கள். “எனக்கு வேணும்” என்பது “அது ஆட்டம் இல்ல” என்று மாறியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாவதுதான் உறுதியானது. யாரும் பார்க்காதபோது பந்து அவன் காலை உரசிப் போகிறது. அவனாகவே “நான் அவுட்” என்று வெளியே வருகிறான். அம்மா பார்க்கவில்லை, எதிரணி பார்க்கவில்லை, ஆனாலும் பார்க்கும் ஒருவர் உள்ளே உட்கார்ந்துவிட்டார். பெரிய பிள்ளைகளும் பெரும்பாலும் இதற்கப்புறம்தான் “இவன் இனி கச்சா இல்ல” என்பார்கள். பிறந்தநாள் தேதியை எவனும் கேட்பதில்லை.

“ஒன்பது வயசு, ரூல் எல்லாம் தலைகீழா சொல்வான். ஆனா ஏமாத்தறான். இவன் இன்னும் அந்த நிலைக்கு வரலையா?”

வந்துவிட்டான், நன்றாகவே வந்துவிட்டான். ஏமாற்றுவதற்கு எதிராளியின் கண் எங்கே இருக்கிறது, அவர் எதை நம்பிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விதியை மீறுவதையும் விதி புரியாததையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: மறைத்துச் செய்கிறானா, எல்லார் முன்னாலும் செய்கிறானா? ஐந்து வயதுப் பிள்ளை அவுட் ஆன பிறகும் எல்லார் கண்முன்னும் ஆட்டத்தில் நிற்கும், அதற்கு அது தப்பாகவே படாது. ஒன்பது வயதுக்காரன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கல்லைக் காலால் தள்ளுவான்.

ஜெனிவா, நூஷாட்டெல் பகுதிப் பிள்ளைகளின் கோலி ஆட்டத்தை ஆராய்ந்த ழான் பியாஜே 1932இல் எழுதியதும் இதற்கு ஒத்துப்போகிறது. சின்னவர்கள் சேர்ந்து ஆடுவதாக நினைத்துக்கொண்டு அவரவர் வழியில் ஆடினார்கள், எல்லாருமே ஜெயிக்கலாம் என்றும் நினைத்தார்கள். விதி என்பது தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது, பேசி மாற்றலாம் என்ற எண்ணம் வளர்ந்த பிறகுதான் வந்தது. உங்கள் மகன் விஷயத்தில் குறை இருப்பது புரிதலில் அல்ல, ஒத்துக்கொள்வதில். அதை அந்தச் சந்துப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள், இரண்டு நாள் சேர்க்காமல் விடுவார்கள்.

“வீட்ல தமிழ், தெருவுல ஹிந்தி, ஸ்கூல்ல மராத்தி. என் பிள்ளைக்குள்ள இருக்கற மற்றவர் ஒண்ணா, மூணா?”

குழந்தை எந்த இடத்தில் எந்த மொழிக்கு மாறுகிறது என்று கவனித்தால் பாதி பதில் கிடைக்கும். வீட்டில் தமிழில் பேசிக்கொள்ளும் அண்ணனும் தங்கையும் லகோரி தொடங்கியதும் ஒருவரையொருவர் “பாஸ் தே!”, “பாக்!” என்று ஹிந்தியில் விரட்டுவார்கள். அங்கே அவன் அண்ணன் இல்லை, சுவரோரம் நிற்கும் ஆட்டக்காரன். அந்த இடத்தின் மொழி ஹிந்தி. முழங்கால் சிராய்த்ததும் “அம்மா!” என்று தமிழ் வந்துவிடும்.

நாம் ஒருவரிடம் ஒரு மாதிரியும் இன்னொருவரிடம் வேறு மாதிரியும் இருப்பது இயல்பே என்று மீட்டும் சொல்கிறார். ஒருவருக்குள் பல தன்னிலைகள் இருப்பதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. இந்தக் கூட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை குழந்தை அவற்றைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். ஒன்றில் பெருமையாக இருப்பது இன்னொன்றில் கேலியாகும்போதுதான் சிக்கல். டிபனில் புளியோதரை கொண்டுபோக மறுக்கும் குழந்தைக்கு ருசி மாறிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

“கூலியோட ‘கண்ணாடி’க் கருத்தும் இதுவும் ஒண்ணுதானே?”

உறவு உண்டு, ஒன்று இல்லை. சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் சொன்னது: அடுத்தவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன், அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கற்பனை செய்து, அதனால் பெருமையோ வெட்கமோ அடைகிறேன். அங்கே எடை உணர்ச்சியில் இருக்கிறது. மீட்டுக்கு எடை செயலில். லகோரிக்காரி தன்னை யார் மெச்சுகிறார் என்று யோசித்து நிற்கவில்லை, அடுத்து யார் என்ன செய்வார் என்று கணித்துத்தான் நின்றாள்.

“எல்லாம் மத்தவங்ககிட்டேர்ந்து வந்ததுன்னா, நான்னு சொல்ல என்ன மிச்சம் இருக்கு?”

மீட் தன்னிலையை இரண்டு முனையாகப் பிரிக்கிறார். தமிழில் இதைச் சொல்வது சுலபம்: ‘நான்’, ‘என்னை’. மற்றவர்களின் பார்வையை ஏற்று நான் பார்க்கும் நான் ‘என்னை’. அந்தப் பார்வைக்குப் பதில் கொடுப்பதுபோல் அந்தக் கணத்தில் எழுந்து செய்பவன் ‘நான்’. அது என்ன செய்யும் என்று செய்து முடிக்கும்வரை எனக்கே தெரியாது. செய்து முடித்ததும் அது நினைவாகி, ‘என்னை’ப் பக்கம் சேர்ந்துவிடும்.

மேலே பார்த்த அதே சந்துக்குத் திரும்புவோம். பந்து எதிர்பாராமல் அவள் பக்கமே திரும்புகிறது. அவள் யோசிக்காமல் இரண்டு கல்லையும் அடுக்கருகே நின்ற தோழியிடம் தூக்கிப் போட்டுவிடுகிறாள். தோழி அடுக்கிவிடுகிறாள். கல்லைத் தூக்கிப் போடலாமா? அதுவரை எவனும் போட்டதில்லை. கால் மணி நேரம் கத்தல். கடைசியில் “சரி, போடலாம், ஆனா ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான்” என்று தீர்ப்பு. அடுத்த வாரம் அந்தச் சந்தில் அது சட்டம். பொதுமைப்பட்ட மற்றவர் அவளை ஆக்கியது போலவே அவளும் அதில் ஒரு வரியைத் திருத்திவிட்டாள்.

“இப்பல்லாம் மொபைல்லதான் கேம். அது கணக்குல வருமா?”

எதிரில் ஆள் இருக்கிறாரா, விதியைப் பற்றிச் சண்டை போட முடியுமா என்ற இரண்டையும் பாருங்கள். நண்பர்கள் அணியாகச் சேர்ந்து ஆடுவதில் அவரவர் இடத்தைக் கணிப்பது நடக்கிறது. ஆனால் அவுட்டா இல்லையா என்பதை மெஷின் சொல்லிவிடுகிறது, அந்தக் கால் மணி நேரக் கத்தலுக்கு அங்கே வழியில்லை. தனியாக மிட்டாய் உடைக்கும் ஆட்டத்தில் இரண்டுமே இல்லை.

“மீட் சொன்னதுல ஓட்டையே இல்லையா?”

உண்டு. அவர் குழந்தைகளை முறையாகக் கவனித்துக் குறிப்பெடுத்துச் சோதித்தவர் அல்ல, தத்துவவாதியாக வாதம் வைத்தவர். எனவே ‘மீட் நிரூபித்தார்’ என்று எழுதாதீர்கள்.

அதைவிடப் பெரிய குறை, கூட்டத்தில் எல்லாருக்கும் சம இடம் இருப்பது போல் அவர் உதாரணங்கள் அமைந்திருப்பது. லகோரியில் இடங்கள் சுற்றி வரும், இன்று அடிப்பவன் நாளை ஓடுவான். ஊரில் எல்லா இடமும் அப்படிச் சுற்றி வருவதில்லை. 1960களில் மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷங்கள் எழுந்தபோது, இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உள்வாங்கிய ஊர்ப்பார்வையில் ‘மதராசி’ என்ற ஏளனமும் சேர்ந்தே வந்தது. தன்னைப் பார்க்க அதற்குக் கிடைத்த கண்ணிலேயே கீறல். கறுப்பின அமெரிக்கர்களின் இதே அனுபவத்தை டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1903லேயே ‘இரட்டை உணர்வு’ என்று எழுதிவிட்டார். மீட்டைப் படிப்பவர்கள் அவரையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

“பெரியவங்களுக்கு இதெல்லாம் முடிஞ்சு போன கதைதானே?”

திருநெல்வேலியிலிருந்து நேற்று வந்து இறங்கியவரை இன்று காலை எட்டரை மணி லோக்கலில் ஏற்றிவிட்டுப் பாருங்கள். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் ஒண்டி உட்காருவது ஏன் என்று அவருக்குப் புரியாது. எதிரில் நிற்பவர் “எங்கே இறங்கறீங்க?” என்று ஹிந்தியில் கேட்டால் விசாரிக்கிறார் என்று நினைத்து ஊர், பேர் எல்லாம் சொல்வார். கேட்டவர், இவர் இறங்கியதும் அந்தச் சீட் தனக்கு என்று பதிவு செய்தார், அவ்வளவுதான். தாதரில் இறங்க வேண்டியவர் சயானிலேயே வாசல் பக்கம் நகர்ந்து, முன்னால் நிற்பவர் முதுகைத் தொட்டு “தாதர் உத்ரேகா க்யா?”, தாதரில் இறங்குவீர்களா, என்று கேட்க வேண்டும். இவர் தாதர் வந்த பிறகு எழுந்திருப்பார், ஏறும் கூட்டம் உள்ளே தள்ளிவிடும், பரேலில் இறங்கித் திரும்பி வருவார்.

முதல் சில நாள் யாராவது ஒருவர் தோளைப் பிடித்து வாசலுக்கு நகர்த்திவிடுவார், திட்ட மாட்டார். அந்தப் பெட்டியில் அவர் கச்சா லிம்பு. பிறகு ஒருநாள் அவரே குர்லா தாண்டியதும் முன்னால் நிற்பவர் முதுகைத் தொடுவார்.